2022-லேயே 58.6, 2030-க்கு இலக்கு 60: இது குறைப்பா, கூட்டலா?

பொங்கோல்_அப்பா · வெள்ளி, இரவு 9.40

மகள் தொடக்கக் கல்லூரியில் புவியியல் படிக்கிறாள். பாரிஸ் ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் கொடுத்த வாக்குறுதியைப் பற்றி ஒப்படைப்பு எழுதுகிறாள். நேற்று சாப்பாட்டு மேசையில் இரண்டு எண்களை எழுதிக் காட்டினாள். 2022-ல் சிங்கப்பூர் வெளியேற்றிய கரியமிலம் ஏறக்குறைய 58.6 மில்லியன் டன். 2030-க்கு நாம் கொடுத்திருக்கும் இலக்கு சுமார் 60 மில்லியன் டன். "அப்பா, இலக்கு இப்போதைய அளவைவிடக் கூடுதலாக இருக்கிறதே, இதை எப்படிக் குறைப்பு என்கிறார்கள்?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்ததாக "இதை யாராவது சரிபார்ப்பார்களா?" என்றாள். அதற்கும் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தே_ஓ_கோசோங் · வெள்ளி, இரவு 10.05

அண்ணே, இதில் குழப்பமே இல்லை. ஐநா ஒவ்வொரு நாட்டுக்கும் இவ்வளவுதான் என்று கோட்டா கொடுக்கிறது. நமக்குக் கிடைத்த கோட்டா 60. தாண்டினால் அபராதம். அதனால்தான் அரசாங்கம் கரிம வரியை ஏற்றிக்கொண்டே போகிறது.

---

நீலத்தொட்டி · வெள்ளி, இரவு 10.31

வீட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். எங்கள் புளோக்கில் நீல நிறத் தொட்டியில் மீந்த சாப்பாட்டைக் கொட்டுகிறார்கள். நகர மன்றத்திடம் மூன்று முறை சொல்லியாயிற்று. இதைச் சரிசெய்யாமல் 2030 பற்றிப் பேசி என்ன பயன்?

---

ராணி_தெம்பனீஸ் · வெள்ளி, இரவு 10.48

நீலத்தொட்டி தம்பி, அவர் கேட்டது வேறு. ஆனால் என் கேள்வியும் வேறுதான், மன்னிக்கவும்.

கரிம வரி வந்ததிலிருந்து என் மின்கட்டணம் ஏறிவிட்டது. நாலறை வீடு, இரண்டு பேர்தான் இருக்கிறோம். வரியை எண்ணெய் ஆலைகள்தானே கட்ட வேண்டும், நான் ஏன் கட்டுகிறேன்?

---

கணக்குப்பிள்ளை_ஜூரோங் · சனி, காலை 7.15

ஜூரோங் தீவில் வெளியேற்றக் கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. பதினைந்து வருடமாகிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தே_ஓ தம்பி, கோட்டா கியோட்டோ காலத்துச் சரக்கு, அதுவும் பணக்கார நாடுகளுக்கு மட்டும். பாரிஸில் யாரும் யாருக்கும் எண் கொடுப்பதில்லை. ஒவ்வொரு நாடும் தன் எண்ணைத் தானே எழுதிக் கொடுக்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதிதாகக் கொடுக்க வேண்டும், அது முந்தையதைவிட ஒரு படி மேலே இருக்க வேண்டும் என்பதே ஒப்பந்தம். கொடுத்த எண்ணை எட்டாவிட்டால் அபராதம் கிடையாது. 15-ஆம் பிரிவில் ஒரு குழு இருக்கிறது. அறிக்கை கொடுத்தாயா, நேரத்தோடு கொடுத்தாயா என்று கேட்கும். தண்டிக்க அதற்கு அதிகாரம் இல்லை என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது.

அபராதம் இல்லாததால்தான் வாக்குறுதி என்ன வடிவத்தில் இருக்கிறது என்பது முக்கியமாகிறது. சிங்கப்பூர் கதை இதற்கு நல்ல உதாரணம்.

2015-ல் நாம் சொன்னது, 2005-ஐவிட 2030-ல் வெளியேற்றச் செறிவை 36% குறைப்போம் என்று. செறிவு என்றால், ஒரு வெள்ளி பொருளியல் உற்பத்திக்கு எவ்வளவு கரியமிலம் என்பது. அதில் பிடி எங்கே என்று பாருங்கள். 2005-ல் வெளியேற்றம் சுமார் 41 மில்லியன் டன். 36% கழித்தால் 26. ஆனால் பொருளியல் அதே அளவில் நிற்காதே. 2030-க்குள் அது இரண்டரை மடங்கு ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 26-ஐ இரண்டரையால் பெருக்கினால் 65. செறிவு 36% குறைந்தது, வாக்கும் நிறைவேறியது, வெளியேற்றமோ பாதிக்கு மேல் கூடியது.

2020-ல் அதை முழு எண்ணாக மாற்றி, 2030 வாக்கில் உச்சம் 65 என்று கொடுத்தார்கள். மேலே என் கணக்கில் வந்ததும் கிட்டத்தட்ட அதே 65 என்பதைக் கவனியுங்கள். அப்போது பலர் "இது பழைய வாக்கின் மொழிபெயர்ப்புதானே" என்று கேட்டார்கள். என் பார்வையில் மொழிபெயர்ப்புக்கும் மதிப்பு உண்டு. செறிவு இலக்கில் பொருளியல் வளர வளர வெளியேற்றத்துக்கு இடம் கிடைத்துக்கொண்டே இருக்கும். 65 என்று எழுதிவிட்டால் அந்தக் கதவு அடைபட்டுவிடுகிறது. 2022-ல் அதை 60 ஆக்கினார்கள், 2050-க்குள் நிகர சுழியம் என்றும் சேர்த்தார்கள். 2025 பிப்ரவரியில் 2035-க்கு 45 முதல் 50 வரை என்று கொடுத்தார்கள்.

இனி உங்கள் மகளின் கேள்வி. 2022-ல் 58.6, இலக்கு 60. நம் வெளியேற்றம் இன்னும் உச்சத்தைத் தொடவில்லை என்பதுதான் அரசாங்கத்தின் நிலைப்பாடு. ஏறி, உச்சத்தைத் தொட்டு, 2030-ல் 60-க்கு இறங்கும் என்பது பாதை. அதாவது 2022-உடன் ஒப்பிட்டால் குறைப்பு இல்லை. எதுவும் செய்யாமல் விட்டிருந்தால் போயிருக்கும் உயரத்தோடு ஒப்பிட்டால் குறைப்பு. மகள் பார்த்தது சரி.

ராணி அக்கா, உங்களுக்கு இரவு எழுதுகிறேன். கணக்கு போட வேண்டும்.

---

ஈசூன்_முத்து · சனி, காலை 9.02

நல்ல விளக்கம் சார். ஆனால் உலக வெளியேற்றத்தில் நம் பங்கு 0.1%. நாம் சுழியம் ஆனாலும் வானிலை மாறப்போவதில்லை. இடமும் இல்லை, ஆறும் இல்லை, காற்றும் இல்லை. மின்சாரத்தில் ஏறக்குறைய 95% இயற்கை எரிவாயுவில்தான் வருகிறது. நிலக்கரியிலிருந்து எரிவாயுவுக்கு மாறி மற்ற நாடுகள் பேர் வாங்குகின்றன. நாம் எண்ணெயிலிருந்து எரிவாயுவுக்கு எப்போதோ மாறிவிட்டோம், சுலபமான குறைப்பை முன்கூட்டியே செலவழித்துவிட்டோம். இதையும் சொல்ல வேண்டும் இல்லையா?

---

நங்கூரம் · சனி, காலை 11.20

0.1% என்பது எந்தக் கணக்கில் என்று கேளுங்கள் முத்து. நான் பங்கர் படகில் வேலை செய்கிறேன். 2024-ல் இந்தத் துறைமுகத்தில் கப்பல்களுக்கு ஊற்றிய எரிபொருள் கிட்டத்தட்ட 55 மில்லியன் டன். உலகிலேயே நாம்தான் முதல். அது நம் 58.6-ல் இருக்கிறதா, இல்லையா?

---

கணக்குப்பிள்ளை_ஜூரோங் · சனி, மதியம் 1.10

இல்லை அண்ணே. அனைத்துலகக் கப்பலுக்கும் விமானத்துக்கும் விற்கும் எரிபொருளை எந்த நாடும் தன் மொத்தத்தில் சேர்ப்பதில்லை. அறிக்கையில் கோட்டுக்குக் கீழே தனியாக எழுதுவார்கள். நமக்கு மட்டும் கொடுத்த சலுகை இல்லை, எல்லாருக்கும் இதே விதி.

அளவைப் பாருங்கள். ஒரு டன் கப்பல் எரிபொருள் எரிந்தால் சுமார் 3.1 டன் கரியமிலம். 55-ஐ 3.1-ஆல் பெருக்கினால் 170. நம் நாட்டு மொத்தத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதை நம் தலையில் கட்டுவது நியாயமா என்பது வேறு கேள்வி. சீனச் சரக்கை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகும் கப்பல் இங்கே எண்ணெய் போட்டதற்கு யார் பொறுப்பு? அனைத்துலகக் கடல்துறை அமைப்பு தனியாக இலக்கு வைத்திருக்கிறது. அதன் கதை இந்த இழைக்குள் அடங்காது.

கணக்குக்காரனுக்கு இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. எரிபொருள் கணக்கை இரண்டு வழியில் போடுவோம். நாட்டுக்குள் வந்ததில் வெளியே போனதைக் கழித்து மிச்சத்தைப் பார்ப்பது ஒரு வழி. ஆலை, வண்டி, மின்நிலையம் என்று எரித்த இடங்களைக் கூட்டுவது இன்னொரு வழி. இரண்டும் ஒட்டி வர வேண்டும், வராவிட்டால் எங்கோ கசிகிறது. நமக்கு வந்து போகும் எண்ணெய் மலையளவு, உள்ளே எரிவது கொஞ்சம். பங்கர் கணக்கில் 1% பிழை வந்தால் 1.7 மில்லியன் டன் தடுமாறும். 60-க்கும் 58.6-க்கும் உள்ள வித்தியாசமே 1.4 தான்.

---

நங்கூரம் · சனி, மதியம் 1.35

அந்த 1% பயம் இப்போது குறைவு. முன்பு தொட்டியில் அளவுகோல் விட்டுப் பார்ப்போம். சில படகுகளில் எண்ணெய்க்குள் காற்றை ஊதி நுரைக்க வைப்பார்கள், அளவு கூடித் தெரியும். காப்புசினோ என்றே பேர் வைத்திருந்தோம். 2017-லிருந்து கப்பல் எரிபொருளுக்கு மாஸ் ஃப்ளோ மீட்டர் கட்டாயம். எடையாகவே அளக்கிறது, நுரையை வைத்து ஏமாற்ற முடியாது. பருவநிலைக்காகக் கொண்டுவந்ததில்லை, தகராறு தீரட்டும் என்று கொண்டுவந்தது. உங்களுக்கும் உதவுகிறது போலிருக்கிறது.

---

கணக்குப்பிள்ளை_ஜூரோங் · சனி, மதியம் 1.41

நிறையவே உதவுகிறது அண்ணே. இது எனக்குத் தோன்றியதே இல்லை.

---

பொங்கோல்_அப்பா · சனி, மாலை 5.30

மகள் திரைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவள் கேட்கச் சொன்னது: எல்லாரும் தன் எண்ணைத் தானே எழுதினால், கூட்டினால் போதுமானதாக வருமா? போதாவிட்டால் சிங்கப்பூர் எவ்வளவு குறை என்று யார் சொல்வது?

---

கணக்குப்பிள்ளை_ஜூரோங் · சனி, இரவு 9.05

போதாது. ஐநா சுற்றுச்சூழல் திட்டம் வருடந்தோறும் வெளியிடும் இடைவெளி அறிக்கையின் 2025 பதிப்பில் இந்தக் கணக்கு இருக்கிறது. எல்லா நாடுகளும் கொடுத்த வாக்கை முழுதாக நிறைவேற்றினால் 2035-ல் உலக வெளியேற்றம் 2019-ஐவிட 15% போலக் குறையும். 2 டிகிரிக்குள் நிறுத்த 35% குறைய வேண்டும், 1.5-க்கு 55%. வாக்குகள் நிறைவேறினாலே 2.3 முதல் 2.5 டிகிரி வரை போகும். இப்போது நடப்பில் இருக்கும் கொள்கைகளை மட்டும் வைத்தால் 2.8. ஆக இடைவெளி இரண்டு. வாக்குக்கும் தேவைக்கும் நடுவே ஒன்று, வாக்குக்கும் செயலுக்கும் நடுவே இன்னொன்று. மகள் இரண்டையும் கலந்து எழுதாமல் பார்த்துக்கொள்ளட்டும். ஆசிரியர்கள் அங்கேதான் மதிப்பெண் குறைப்பார்கள்.

இதை நம் எண்ணில் வைத்துப் பார்ப்போம். அடிப்படை ஆண்டு 2019 என்றாலும், கையில் இருக்கும் 2022-ஐ வைத்தே போடுகிறேன். 58.6-லிருந்து 50-க்குப் போனால் 15% குறைப்பு. 45-க்குப் போனால் 23%. உலகத்துக்குச் சொன்ன 55%-ஐ நமக்கும் அப்படியே பொருத்தினால் 26 மில்லியன் டன்னில் நிற்க வேண்டும்.

---

ஈசூன்_முத்து · சனி, இரவு 9.22

அப்படியே பொருத்துவதுதானே தவறு? உலகச் சராசரியை ஒரு நகருக்கு எப்படி வைப்பது? ஒப்பந்தத்திலேயே அவரவர் சூழ்நிலைக்கு ஏற்ப என்று இருக்கிறது.

---

கணக்குப்பிள்ளை_ஜூரோங் · சனி, இரவு 9.50

இருக்கிறது. அந்தச் சொற்றொடரை வைத்து ஏழை நாடு "எனக்கு அவகாசம் வேண்டும்" என்று கேட்கும், பணக்கார நகரம் "எனக்கு இடமில்லை" என்று சொல்லும். தலைக்கு வருமானம் பார்த்தால் நாம் சராசரிக்கு மேலே குறைக்க வேண்டும், நிலப்பரப்பைப் பார்த்தால் கீழே. பங்கைப் பிரிக்க ஒத்துக்கொண்ட சூத்திரம் எதுவும் கிடையாது. 2023-ல் துபாயில் முதல் உலகளாவிய கணக்கெடுப்பு முடிந்தது. அதில் உலகம் மொத்தமாகப் பின்தங்கியிருக்கிறது என்று எழுதினார்கள். எந்த நாடு எவ்வளவு என்று ஒரு வரி இல்லை. வேண்டுமென்றேதான் விட்டார்கள். அடுத்தது 2028-ல்.

சரி, நாடு நாடாகப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு அல்லவா, அதிலாவது கேட்பார்களா? இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நாடும் வெளிப்படைத்தன்மை அறிக்கை கொடுக்கிறது. முதலாவது 2024 டிசம்பர் 31-க்குள். பிற நாடுகளின் நிபுணர்கள் குழுவாக அதைப் படிப்பார்கள். குழுவுக்கு இரண்டு தலைவர்கள், ஒருவர் வளர்ந்த நாட்டவர், ஒருவர் வளரும் நாட்டவர். எரிபொருள் எண்ணிக்கை சரியா, எந்த வாயுவையாவது விட்டுவிட்டார்களா, பழைய ஆண்டுகளையும் புதிய முறையில் திருப்பிப் போட்டார்களா என்று தோண்டுவார்கள். அந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். ஒரு டன் மீத்தேனை முன்பு 21 டன் கரியமிலத்துக்குச் சமம் என்று எழுதினோம், இப்போது 28. பழைய அறிக்கையின் எண்ணையும் புதியதின் எண்ணையும் பக்கத்தில் வைத்து "ஏறியது, இறங்கியது" என்று சொன்னால் பொய்யாகிவிடும். எப்போதும் ஆகப் பிந்திய அறிக்கையின் தொடர் அட்டவணையை மட்டும் எடுங்கள்.

ஆனால் அந்தக் குழுவுக்கு ஒரு தடை இருக்கிறது. 2018-ல் கத்தோவிட்சேயில் எழுதிய விதிப்படி, ஒரு நாட்டின் இலக்கு போதுமானதா, பொருத்தமானதா என்று குழு ஆராயக் கூடாது. உள்நாட்டு நடவடிக்கை போதுமா என்றும் கேட்கக் கூடாது. கணக்குத் தணிக்கையாளர் பேரேட்டைப் பார்ப்பார், வியாபாரத்தில் ஏன் இவ்வளவு குறைவாக லாபம் வைத்தாய் என்று கேட்கமாட்டார், அந்த மாதிரி. அதன்பிறகு ஒரு கூட்டம் உண்டு. அங்கே மற்ற நாடுகள் எழுத்திலும் நேரிலும் கேள்வி கேட்கலாம், நாடு பதில் சொல்லும். மரியாதையான கூட்டம்.

ஆக, உலகம் மொத்தமாகப் போதாது என்று சொல்லும் இடத்தில் நாட்டுப் பெயர் இல்லை. நாட்டுப் பெயர் இருக்கும் இடத்தில் போதுமா என்று கேட்க அனுமதி இல்லை.

---

தே_ஓ_கோசோங் · சனி, இரவு 10.10

அப்போ யாருமே கேட்கமாட்டார்களா? இதற்கா இத்தனை மாநாடு!

---

கணக்குப்பிள்ளை_ஜூரோங் · சனி, இரவு 10.24

வெளியே இருக்கும் ஆய்வுக் குழுக்கள் தர மதிப்பீடு போடுகின்றன. சட்ட பலம் இல்லை, ஆனால் நாளிதழில் வரும். 2025 பிப்ரவரி 10 கெடுவுக்குள் 2035 வாக்கைக் கொடுத்தவர்கள் 195-ல் 13 பேர்தான், சிங்கப்பூர் அதில் ஒன்று. நேரம் தவறாமல் கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். என்ன கொடுத்தோம் என்பது தனி.

ராணி அக்கா, உங்கள் கணக்கு. இங்கே ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.4 கிலோ கரியமிலம். வரி 2024, 2025-ல் டன்னுக்கு 25 வெள்ளி. யூனிட்டுக்கு ஒரு காசு ஆகிறது. நாலறை வீட்டில் மாதம் 380 யூனிட் என்றால் கிட்டத்தட்ட 4 வெள்ளி. வரியை மின்நிலையம்தான் கட்டுகிறது, கட்டியதை நம் கட்டணத்தில் ஏற்றிவிடுகிறது. 2026-ல் வரி 45 வெள்ளி, அப்போது 7 வெள்ளி போலாகும். அதற்கு மேல் ஏறியிருந்தால் எரிவாயு விலைதான் காரணம், வரி இல்லை.

---

ராணி_தெம்பனீஸ் · சனி, இரவு 10.40

என் பில்லில் ஏறியது 30 வெள்ளிக்கு மேல். அப்போ வரியைத் திட்டியது அநியாயம். ஆனால் எனக்கு யூ-சேவ் கழிவு வருகிறதே, பெரிய ஆலைகளுக்கும் கழிவு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

---

கணக்குப்பிள்ளை_ஜூரோங் · சனி, இரவு 11.02

உண்மை அக்கா. வெளிநாட்டோடு போட்டி போடும் ஆலைகளுக்கு இடைக்காலச் சலுகை உண்டு. நான் அந்தப் பக்கத்தில் சம்பளம் வாங்குகிறவன், இதில் என் கருத்தை நம்ப வேண்டாம்.

இன்னொரு வழியும் உண்டு. வரி கட்ட வேண்டிய வெளியேற்றத்தில் 5% வரை, வெளிநாட்டில் வெளியேற்றத்தைக் குறைத்ததற்கான கார்பன் கிரெடிட் வாங்கி ஈடுகட்டலாம். அரசாங்கமும் 60-ஐ எட்டத் தானே வாங்குகிறது. 2025 செப்டம்பரில் கானா, பெரு, பராகுவே நாடுகளிலிருந்து 2.175 மில்லியன் டன்னுக்கு 76 மில்லியன் வெள்ளி ஒப்பந்தம் போட்டது. டன்னுக்கு 35 வெள்ளி விழுகிறது.

---

ஈசூன்_முத்து · ஞாயிறு, காலை 8.15

அப்படியென்றால் 2030-ல் 62 வந்தாலும் இரண்டு மில்லியன் வாங்கி 60 என்று எழுதிவிடலாமா?

---

கணக்குப்பிள்ளை_ஜூரோங் · ஞாயிறு, காலை 10.30

அந்த ஓட்டையை 2021-ல் கிளாஸ்கோவில் பாதி அடைத்தார்கள். இரண்டு பூட்டு.

முதல் பூட்டு, விற்ற நாடு அதே அளவைத் தன் கணக்கில் ஏற்றிக்கொள்ள வேண்டும். கானாவின் காட்டில் சேமித்த ஒரு டன்னை நாம் கழித்தால் கானா ஒரு டன் கூட்ட வேண்டும். இரண்டு அறிக்கையையும் எடுத்து ஒப்பிட்டால் ஏமாற்று தெரிந்துவிடும். ஒன்று வந்து மற்றது தாமதமானால் நடுவில் ஒரு இருட்டு.

இரண்டாவது பூட்டைப் பலர் கவனிப்பதில்லை. நம் இலக்கு 2030 என்ற ஒற்றை ஆண்டுக்கு. வாங்கிய கிரெடிட் முழுவதையும் அந்த ஒரே ஆண்டில் கொட்டினால் எந்த நாடும் தப்பித்துவிடும். அதனால் ஒற்றை ஆண்டு இலக்கு வைத்தவர்கள் ஒன்று, எல்லா ஆண்டுக்கும் பாதை வரைந்து ஆண்டுக்கு ஆண்டு கணக்கு காட்ட வேண்டும். அல்லது மொத்தம் வாங்கியதை ஆண்டுகளால் வகுத்து, அந்தச் சராசரியை மட்டும் 2030-ல் கழிக்க வேண்டும். இரண்டாவது வழியில் 2021 முதல் 2030 வரை பத்து ஆண்டுக்கும் சேர்த்து 2.175 மட்டும் வாங்கியிருந்தால், 2030-ல் கழிக்க முடிவது 0.22 தான். உங்கள் 62, 61.8 ஆகும். இரண்டு மில்லியன் கழிக்க இருபது மில்லியன் வாங்கியிருக்க வேண்டும். டன்னுக்கு 35 வெள்ளி என்றால் 700 மில்லியன்.

கிரெடிட்டின் தரம் வேறு தலைவலி. வெட்டப்படாது என்றிருந்த காட்டை "நாங்கள் காப்பாற்றினோம்" என்று விற்றால் பேரேடு இரண்டும் பொருந்தும், காற்றில் எதுவும் குறைந்திருக்காது. அதை நிபுணர் குழுவின் அட்டவணை சோதனையில் பிடிக்க முடியாது.

---

நங்கூரம் · ஞாயிறு, காலை 11.05

காப்புசினோதான். மீட்டர் வைக்க முடியாத காப்புசினோ.

---

ஈசூன்_முத்து · ஞாயிறு, மதியம் 12.40

45-க்கு எப்படிப் போவது என்று யாரும் சொல்லவில்லையே. 2035-க்குள் 6 கிகாவாட் மின்சாரம் இறக்குமதி என்கிறார்கள், தேவையில் மூன்றில் ஒரு பங்கு. கடலுக்கடியில் கம்பி இந்தோனீசியாவிலிருந்து வர வேண்டும், கம்போடியாவிலிருந்து, வியட்நாமிலிருந்து வர வேண்டும். பக்கத்து நாடு "எனக்கே வேண்டும்" என்று சொல்லிவிட்டால்? நம் வாக்கு அடுத்தவர் கையில் இருக்கிறது.

---

கணக்குப்பிள்ளை_ஜூரோங் · ஞாயிறு, மதியம் 1.20

இதற்கு என்னிடம் பதில் இல்லை முத்து. 45-50 என்று ஒரு வரம்பாகக் கொடுத்ததற்கே அது ஒரு காரணம் என்றுதான் நான் படிக்கிறேன். லாவோஸிலிருந்து 2022-ல் கொஞ்சம் வரத் தொடங்கியது, தாய்லாந்து, மலேசியா வழியாக. 100 மெகாவாட்டில் ஆரம்பித்தது. 6 கிகாவாட் அதைப்போல அறுபது மடங்கு.

---

பொங்கோல்_அப்பா · ஞாயிறு, இரவு 8.50

எல்லாருக்கும் நன்றி. மகள் தலைப்பையே மாற்றிவிட்டாள். ஒன்று மட்டும் கேட்கிறாள்: உச்சம் வந்துவிட்டதா இல்லையா என்று எப்போது தெரியும்?

---

கணக்குப்பிள்ளை_ஜூரோங் · ஞாயிறு, இரவு 9.15

அடுத்த அறிக்கை 2026 டிசம்பர் 31-க்குள் வர வேண்டும். அதில் குறைந்தது 2023-ன் எண் இருக்கும். ஓர் ஆண்டு இறங்கினால் உச்சம் என்று எழுதிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு பெரிய ஆலை பராமரிப்புக்கு மூடினாலே அந்த ஆண்டு இறங்கிவிடும். நான் இருந்த இடத்திலேயே அப்படி நடந்திருக்கிறது. மேலே இருந்தவர்கள் அதைச் சாதனை என்று சுவரில் ஒட்டினார்கள். அடுத்த வருடம் ஆலை திறந்ததும் கழற்றிவிட்டார்கள்.

---

நீலத்தொட்டி · ஞாயிறு, இரவு 9.40

நகர மன்றத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. தொட்டியின் மேல் புதிய ஸ்டிக்கர் ஒட்டுகிறார்களாம்.